ஸ்லைடில் எது எங்கே நிற்க வேண்டும்?

ஒரு ஸ்லைடு தொகுப்பு ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. அதை முழுத்திரையில் ஓடவிட்டு, ஒரு எழுத்தையும் படிக்காமல், Page Down விசையை மட்டும் வேகமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தலைப்பு ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறதா, ஸ்லைடுக்கு ஸ்லைடு இரண்டு மில்லிமீட்டர் மேலும் கீழும் குதிக்கிறதா என்பது உடனே கண்ணில் படும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஸ்லைடிலும் குறை தெரியாது. அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதும் இப்படி அடுத்தடுத்துத்தான்.

இந்தக் குதிப்பை எப்படி நிறுத்துவது என்பதற்கு இந்தத் துறையில் மூன்று வகையான பதில்கள் புழங்குகின்றன. கண்ணை நம்பு, பழகப் பழகச் சரியாக வரும் என்பது ஒன்று. மென்பொருளில் உள்ள சீரமைப்புக் கட்டளைகளைப் பயன்படுத்து என்பது இரண்டாவது. எந்தப் பொருளையும் வைப்பதற்கு முன்பே கோடுகளையும் இடைவெளிகளையும் தீர்மானித்துவிடு என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டும் ஒரு ஸ்லைடுக்குள் மட்டுமே வேலை செய்யும். முப்பது ஸ்லைடுகளையும் ஒரே கை செய்தது போலக் காட்ட மூன்றாவதால்தான் முடியும். எப்படி என்பதைப் பவர்பாயிண்டை வைத்தே பார்க்கலாம். நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பெரும்பாலும் கையில் இருப்பது அதுதான்.

கண்ணை நம்புவதில் என்ன சிக்கல்? மனிதக் கண் மிகச் சிறிய பிசகையும் உணர்ந்துவிடும், ஆனால் பிசகு எங்கே என்று சொல்லத் தெரியாது. சுவரில் மாட்டிய படம் லேசாகச் சாய்ந்திருந்தால் ஏதோ உறுத்துவதைப் போலத்தான் இதுவும். அதோடு, ஸ்லைடை உருவாக்குபவர் அதை மடிக்கணினித் திரையில் பார்க்கிறார். கூட்டத்தில் அது இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரியும். பவர்பாயிண்டின் அகலத்திரை ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம் கொண்டது. இரண்டு மீட்டர் திரையில் அது ஏறக்குறைய ஆறு மடங்காகிறது. ஸ்லைடில் 0.2 செ.மீ. விலகல் என்பது திரையில் ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகம்.

அடுத்தது கட்டளைகள். `Arrange` பட்டியலில் `Align` என்பதன் கீழ் இவை இருக்கின்றன: இடப்பக்கம், வலப்பக்கம், மேல், கீழ், நடு என்று சீரமைப்பவை ஆறு, இடைவெளியைச் சமமாகப் பகிர்பவை இரண்டு. பலருக்கும் இவை தெரியும். ஆனால் எதை அடிப்படையாகக் கொண்டு இவை வேலை செய்கின்றன என்பது தெரியாததால் ஏமாற்றம் வருகிறது. தேர்ந்தெடுத்த பொருள்களில் எது மிக இடப்புறம் இருக்கிறதோ, அதை நோக்கித்தான் `Align Left` மற்றவற்றை இழுக்கும். ஐந்து பெட்டிகளில் ஒன்று கைதவறி ஓரத்தை ஒட்டி நகர்ந்திருந்தால், மற்ற நான்கும் ஒழுக்கமாக அந்தத் தவறான இடத்துக்குப் போய் வரிசையில் நிற்கும். `Distribute Horizontally` கட்டளை இரண்டு ஓரத்திலும் உள்ள பொருள்களை அசைக்காது, நடுவில் உள்ளவற்றை மட்டும் நகர்த்தி இடைவெளிகளைச் சமமாக்கும். ஆகவே ஓரங்களில் உள்ள இரண்டையும் முதலில் சரியான இடத்தில் நிறுத்தாமல் இதை அழுத்துவதில் பயன் இல்லை.

இழுக்கும்போது தோன்றி மறையும் புள்ளிக்கோடுகளும் இதே ரகம்தான். `Smart Guides` எனப்படும் அவை, பக்கத்தில் இருக்கும் பொருளோடு சேர்ந்துவிட்டாய் என்று சொல்லும். பக்கத்தில் இருக்கும் பொருள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரு பெட்டி 0.3 செ.மீ. தள்ளி இருந்தால், அதைப் பார்த்து வைக்கும் அடுத்ததும், அதைப் பார்த்து வைக்கும் அதற்கடுத்ததும் அதே 0.3 செ.மீ. தள்ளித்தான் நிற்கும். இந்தக் கருவிகள் எல்லாம் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகின்றன. ஸ்லைடு பன்னிரண்டில் உள்ள பெட்டியை ஸ்லைடு நான்கில் உள்ள பெட்டியோடு ஒப்பிட அவற்றால் முடியாது.

அந்த வேலையைச் செய்வதுதான் கிரிட். அச்சுத்தொழிலில் இது பழைய சங்கதி. சூரிக் நகரைச் சேர்ந்த யோசஃப் மூலர்-ப்ரோக்மன் 1981இல் இதைப் பற்றி எழுதிய நூல் இன்றும் வடிவமைப்புப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. பக்கத்தை 8, 20, 32 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் படமும் எழுத்தும் எப்படி உட்காரும் என்று அவர் வரைந்து காட்டினார். அதில் ஸ்லைடுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மேலும் கீழுமாக அமைந்த கட்டங்களுக்கு இடையிலான இடைவெளியை அவர் மனம்போனபடி வைக்கவில்லை. எழுத்து வரியின் உயரத்தை அளவுகோலாக வைத்து, ஒரு வரி அல்லது சில வரிகள் என்று தீர்மானித்தார். அதனால் படத்தின் மேல்விளிம்பு பக்கத்துப் பத்தியின் எழுத்து உச்சியோடும், கீழ்விளிம்பு எழுத்தின் அடிக்கோட்டோடும் தானாகப் பொருந்தியது. இடைவெளியின் அளவு உள்ளடக்கத்திலிருந்தே பிறந்தது.

அவருக்கும் முன்னால், 1962இல், இன்னொரு சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளரான கார்ல் கெர்ஸ்ட்னர் ‘கேப்பிட்டல்’ என்ற ஜெர்மன் இதழுக்காக ஒரு கிரிட் அமைத்தார். பக்க அகலத்தை 58 அலகுகளாகப் பிரித்தார். ஏன் 58? பத்திகளுக்கு நடுவே 2 அலகு விட்டால், 58ஐ இரண்டாகவும் பிரிக்கலாம், மூன்றாகவும், நான்காகவும், ஐந்தாகவும், ஆறாகவும் பிரிக்கலாம். ஆறு பத்தி என்றால் ஒவ்வொன்றும் 8 அலகு, ஐந்து என்றால் 10, நான்கு என்றால் 13, மூன்று என்றால் 18, இரண்டு என்றால் 28. எதிலும் பின்னம் மிஞ்சாது. ஓர் இதழில் செய்தி, நேர்காணல், அட்டவணை என்று பக்கத்துக்குப் பக்கம் தேவை மாறும். ஆனாலும் எல்லாப் பக்கங்களும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும். ஸ்லைடு தொகுப்பின் தேவையும் அதேதான். ஒன்றில் மூன்று பெட்டி, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் ஒரு பெரிய படமும் பக்கத்தில் குறிப்பும்.

கெர்ஸ்ட்னரின் கணக்கை ஸ்லைடுக்கு மாற்றுவோம். 33.87 செ.மீ. அகலத்தில் 12 பத்திகள் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டை 2, 3, 4, 6 ஆகியவற்றால் வகுக்க முடியும் என்பதுதான் காரணம். ஒரு பத்தியின் அகலம் 2 செ.மீ., பத்திகளுக்கு இடையே 0.6 செ.மீ. பத்திகளுக்கு 24 செ.மீ., பதினொரு இடைவெளிகளுக்கு 6.6 செ.மீ., ஆக மொத்தம் 30.6 செ.மீ. மீதி இருப்பதை இரண்டாகப் பிரித்தால் இருபுறமும் 1.63 செ.மீ. ஓரம் கிடைக்கும். மூன்று பெட்டி வேண்டுமானால் ஒவ்வொன்றும் நான்கு பத்தி, அதாவது 9.8 செ.மீ. நான்கு பெட்டி என்றால் 7.2 செ.மீ. இரண்டு என்றால் 15 செ.மீ. படம் பெரிதாகவும் குறிப்பு சிறிதாகவும் வேண்டுமானால் எட்டுக்கு நான்கு: 20.2 செ.மீ., 9.8 செ.மீ. இந்த அளவுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும், பிறகு கணக்குப் போட வேண்டியதே இல்லை. ஐந்து பெட்டி மட்டும் இந்தப் பன்னிரண்டில் அடங்காது. அப்போது வெளி விளிம்புகளையும் 0.6 இடைவெளியையும் அப்படியே வைத்து, அகலத்தை மட்டும் 5.64 செ.மீ. ஆக்கலாம். ஓரம் மாறாததால் அந்த ஸ்லைடு தனித்துத் தெரியாது.

கோடுகளை எங்கே வரைவது? பவர்பாயிண்டில் `Alt+F9` அழுத்தினால் வழிகாட்டிக் கோடுகள் தோன்றும், `Shift+F9` அழுத்தினால் கட்டப்புள்ளிகள் தோன்றும். இரண்டும் வேறுவேறு. கட்டப்புள்ளிகள் ஸ்லைடு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். ஓரம் எது, இடைவெளி எது என்று அவை எதுவும் சொல்லாது. நமக்கு வேண்டியவை வழிகாட்டிக் கோடுகள். அவற்றைச் சாதாரண ஸ்லைடில் வரையாமல் `Slide Master` பார்வைக்குப் போய் வரைய வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அங்கே வரைந்த கோடு எல்லா ஸ்லைடுகளிலும் தெரியும். சாதாரணப் பார்வையில் வேலை செய்பவர் தெரியாத்தனமாக அதை இழுத்து நகர்த்திவிடவும் முடியாது.

ஒரு தொல்லை என்னவென்றால், கோட்டின் இடத்தை எண்ணாகத் தட்டச்சு செய்யப் பவர்பாயிண்டில் இடமில்லை, கையால் இழுத்துத்தான் வைக்க வேண்டும். கூகுள் ஸ்லைட்ஸில் `Edit guides` என்ற பட்டியலில் எண் தரலாம். ஆனால் அங்கே ஸ்லைடின் இயல்பு அகலம் 25.4 செ.மீ.தான், மேலே சொன்ன கணக்கை அதற்கேற்பச் சுருக்க வேண்டியிருக்கும். பவர்பாயிண்டில் துல்லியம் வேண்டுவோர் ஒரு சிறிய மேக்ரோவை ஒருமுறை ஓட்டிவிடலாம். `Alt+F11` அழுத்தி, புதிய மாட்யூல் ஒன்றில் இதை ஒட்டி ஓட்டினால் மூன்று பெட்டிக்கான ஆறு கோடுகளும் வந்துவிடும்:

```
Sub ThreeColumnGuides()
  Dim x
  For Each x In Array(-15.3, -5.5, -4.9, 4.9, 5.5, 15.3)
    ActivePresentation.SlideMaster.Guides.Add _
      ppVerticalGuide, 480 + x * 72 / 2.54
  Next
End Sub
```

அகலத்திரை ஸ்லைடின் அகலம் 960 பாயிண்ட், அதில் பாதி 480. அடைப்புக்குள் இருக்கும் எண்கள் ஸ்லைடின் நடுவிலிருந்து இடமும் வலமுமாக எத்தனை சென்டிமீட்டர் என்பதைச் சொல்கின்றன. நடுவிலிருந்து அளப்பதில் ஒரு வசதி இருக்கிறது. இடப்புறக் கணக்கும் வலப்புறக் கணக்கும் ஒன்றே, குறி மட்டும்தான் மாறும். வேலை முடிந்ததும் கோப்பை மேக்ரோ இல்லாத சாதாரண வடிவத்தில் சேமித்தாலும் கோடுகள் இருக்கும்.

இப்போது ஒரு ஸ்லைடைக் கையில் எடுத்துச் சரிசெய்து பார்ப்போம். ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கான ஸ்லைடு என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு ஒன்று. அதன் கீழே மூன்று பெட்டிகள்: பால் கொள்முதல், விற்பனை, உறுப்பினர்களுக்கான பங்குத்தொகை. ஒவ்வொன்றிலும் பெட்டித் தலைப்போடு ஒரு சின்னம், ஒரு பெரிய எண், ஒரு விளக்க வரி. கண்ணளவில் செய்தது. பெட்டிகளின் இட விளிம்புகள் 1.2, 12.1, 22.6 செ.மீ., அகலங்கள் 9.9, 9.7, 10.1 செ.மீ. முதல் இடைவெளி 1 செ.மீ., இரண்டாவது 0.8 செ.மீ. எல்லாம் ‘கிட்டத்தட்ட’ சரி. அந்தக் கிட்டத்தட்டதான் உறுத்தல்.

தலைப்பின் கதை இன்னும் மோசம். பவர்பாயிண்டின் இயல்பு வார்ப்புருவில் தலைப்புப் பெட்டி இட விளிம்பிலிருந்து 2.33 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது. அதற்குள் எழுத்து மேலும் 0.25 செ.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது, ஏனென்றால் எந்த எழுத்துப் பெட்டிக்கும் இடவலமாக 0.25 செ.மீ. உள்ஓரம் உண்டு. ஆக, தலைப்பின் முதல் எழுத்து 2.58 செ.மீ.இல் தொடங்குகிறது, கீழே பெட்டி 1.2 செ.மீ.இல் தொடங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இடப்புறத்தில் விளிம்பு என்று ஒன்றே இல்லாமல் போகிறது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் `Slide Master` பார்வையில் தலைப்புப் பெட்டியை 1.63 செ.மீ.க்கு நகர்த்தி, அதன் அகலத்தை 30.6 செ.மீ. ஆக்கி, இட உள்ஓரத்தைச் சுழியமாக்க வேண்டும். கீழே உள்ள தளவமைப்புகளில் யாராவது தலைப்பைத் தனியாக நகர்த்தியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிட வேண்டும். பின்புல நிறமோ கோடோ இல்லாத எழுத்துப் பெட்டிகளுக்கு எல்லாம் இதையே செய்யலாம். அவற்றின் விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். தெரிவதைத்தான் கோட்டில் நிறுத்த வேண்டும். பிறகு சாதாரணப் பார்வைக்கு வந்து, முன்பே குதித்துக்கொண்டிருந்த ஸ்லைடுகளில் `Home` தாவலில் உள்ள `Reset` பொத்தானை அழுத்தினால், கையால் நகர்த்தப்பட்ட தலைப்புகள் வார்ப்புருவின் இடத்துக்கே திரும்பிவிடும். பாதிப் பேருக்கு இந்தப் பொத்தான் இருப்பதே தெரியாது. தலைப்பு குதிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான மருந்து இல்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கையால் மாற்றிய எழுத்தளவும் நிறமும்கூட அதோடு போய்விடும்.

அடுத்து பெட்டிகள். மூன்றையும் தேர்ந்தெடுத்து `Shape Format` தாவலில் அகலம் 9.8, உயரம் 9 என்று எண்ணாகக் கொடுக்க வேண்டும், மூலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் பெட்டியின் கிடைநிலை இடத்தை 1.63 என்றும், மூன்றாவதை 22.43 என்றும் வைத்துவிட்டு, `Align Top`, பிறகு `Distribute Horizontally`. நடுப்பெட்டி தானாக 12.03இல் போய் நிற்கும். இடைவெளி இரண்டும் 0.6. ஆனால் சின்னம், எண், வரி ஆகியவை தனித்தனியாக மிதந்துகொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் ஒன்பது பொருள்கள் பெட்டிகளுக்கு வெளியே நின்றுவிடும். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துப் பகிர்ந்தாலோ குப்பையாகிவிடும். அதனால் புதிதாகச் செய்கிறவர் ஒரே ஒரு பெட்டியை உள்ளடக்கத்தோடு முழுமையாகச் செய்து, `Ctrl+G` அழுத்திக் குழுவாக்கி, `Ctrl+D` அழுத்திப் படியெடுத்து, அந்தப் படியை 10.4 செ.மீ. வலப்புறம் நகர்த்துவது நல்லது. மறுபடி `Ctrl+D` அழுத்தினால் மூன்றாவது பெட்டி அதே தூரத்தில் தானே வந்து விழும்.

இடத்தைச் சரிசெய்தாயிற்று. இனி இடைவெளி. என் கணிப்பில், ஒரு ஸ்லைடு ஏனோதானோ என்று தெரிவதற்குக் கோட்டுப் பிசகைவிட இடைவெளிப் பிசகே அடிக்கடி காரணமாகிறது. அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரு குழுவாக எடுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்டைமர் 1923இல் வெறும் புள்ளிகளை வைத்தே காட்டினார். ஸ்லைடில் இதன் விளைவு நேரடியானது. எண்ணுக்கும் அதன் விளக்க வரிக்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்த வரிக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே உள்ளதைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் வரி எதற்குச் சொந்தம் என்று பார்ப்பவர் ஒரு கணம் யோசிக்க நேரிடும். அதற்குள் பேசுபவர் இரண்டு வாக்கியம் தாண்டியிருப்பார்.

இதற்கு மூன்று அளவுகள் போதும், ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்காக: 0.3, 0.6, 1.2 செ.மீ. ஒரே செய்தியின் உறுப்புகளுக்கு நடுவே 0.3. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவேயும், பெட்டியின் விளிம்புக்கும் அதன் உள்ளே இருக்கும் எழுத்துக்கும் நடுவேயும் 0.6. தலைப்புக்கும் பெட்டி வரிசைக்கும், பெட்டி வரிசைக்கும் கீழே உள்ள தரவுக் குறிப்புக்கும் நடுவே 1.2. இணையதளமும் செயலியும் வடிவமைப்பவர்கள் 8இன் மடங்குகளாக இடைவெளி வைப்பது இதே சிந்தனைதான். கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2014இல் வந்தபோது அந்த வழக்கம் பரவலானது. அளவு எட்டா, ஆறா என்பது பெரிய விஷயமில்லை. இரண்டு இடைவெளிகள் வேறுபட்டால், வேறுபடுவது பளிச்சென்று தெரிய வேண்டும். 0.6க்கும் 0.7க்கும் உள்ள வித்தியாசம் கைப்பிசகாகத் தெரியும், 0.6க்கும் 1.2க்கும் உள்ள வித்தியாசம் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

தமிழில் ஸ்லைடு செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாகச் சில தலைவலிகள் காத்திருக்கின்றன. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வடிவமைப்பு நூல்களில் இவற்றுக்கு விடை கிடைக்காது. முதலாவது, சொற்களின் நீளம். நம் பால் சங்க ஸ்லைடில் ‘விற்பனை’ ஒரே வரியில் முடிந்துவிடும், ‘உறுப்பினர்களுக்கான பங்குத்தொகை’ இரண்டு வரியாக மடியும். பெட்டித் தலைப்பும் எண்ணும் ஒரே எழுத்துப் பெட்டிக்குள் இருந்தால் மூன்றாவது பெட்டியின் எண் மட்டும் ஒரு வரி கீழே இறங்கிவிடும். மூன்று எண்களும் ஒரே கோட்டில் நிற்காமல் போகும். வெளிப்பெட்டிகள் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தும் ஸ்லைடு கோணலாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தலைப்புக்குத் தனி எழுத்துப் பெட்டி, அதில் எல்லாப் பெட்டிகளுக்கும் இரண்டு வரி உயரம், எழுத்தின் நிலை `Top` என்று வைத்துவிட்டால் எண்கள் அசையாது. எழுத்து நிலையை `Middle` என்று விட்டால் ஒரு வரித் தலைப்பு நடுவில் மிதக்கும், இரண்டு வரித் தலைப்பு மேலிருந்து தொடங்கும்.

இரண்டாவது, வரியின் உயரம். பவர்பாயிண்டின் இயல்பு வார்ப்புருவில் வரி இடைவெளி 90 விழுக்காடு. ஆங்கில எழுத்துக்கு அது பொருந்திவிடும். தமிழில் மேல் வரியில் ‘மூ’, ‘கூ’ போன்றவை கீழே இறங்க, கீழ் வரியில் ‘கீ’, ‘தி’ போன்றவற்றின் மேல்விலங்கு மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். நூறு விழுக்காட்டுக்குக் குறையாமல் வைப்பது நல்லது. இதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு வரியில் ஆங்கிலச் சொல்லோ எண்ணோ ஒரு எழுத்துருவிலும் தமிழ்ச் சொல் நிர்மலா போன்ற வேறொன்றிலும் வரும்போது, விழுக்காட்டுக் கணக்கில் வைத்த வரிகள் ஒன்று உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமையக்கூடும். பத்தி அமைப்பில் வரி இடைவெளியை `Exactly` என்று மாற்றி, பாயிண்ட் அளவைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒரே உயரமாகும். 20 பாயிண்ட் தமிழ் எழுத்துக்கு 28 பாயிண்ட் வைத்துத் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம். 28 பாயிண்ட் என்பது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. மூலர்-ப்ரோக்மன் செய்தது போல மேல்கீழ் இடைவெளிகளை வரிக்கணக்கில் தீர்மானிக்கவும் இதனால் வழி பிறக்கிறது.

மூன்றாவது, நம்மைக் கேட்காமல் நடக்கும் ஓர் உதவி. எழுத்து வார்ப்புருப் பெட்டியில் கொள்ளாதபோது பவர்பாயிண்ட் தானாகவே அதைச் சுருக்கிவிடும். தமிழ் வரிகள் நீளமாக இருப்பதால் இது அடிக்கடி நடக்கும். ஒரு பெட்டியில் எழுத்து 20 பாயிண்டாகவும் பக்கத்துப் பெட்டியில் 17 ஆகவும் இருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. எழுத்துப் பெட்டியின் அமைப்பில் `Do not Autofit` என்று வைத்துவிட்டு, கொள்ளாத வாசகத்தைச் சுருக்கி எழுதுவதே வழி.

கிரிட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. அது சதுரமான விளிம்புகளை மட்டும் அறியும். பெட்டிக்குத் தடித்த கோடு போட்டால் கோட்டின் பாதித் தடிப்பு பெட்டியின் விளிம்புக்கு வெளியே இருக்கும், சீரமைப்புக் கட்டளை அதைக் கணக்கில் எடுக்காது. இணையத்திலிருந்து எடுத்த சின்னங்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டி எறிந்த பிறகுதான் சீரமைக்க வேண்டும். வட்டமும் சதுரமும் ஒரே அளவில் பக்கத்தில் நின்றால் வட்டம் சிறிதாகத் தெரியும், அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால்தான் சமமாகத் தோன்றும். முக்கோணத்தை வட்டத்தின் நடுவில் கட்டளையால் வைத்தால் அது நடுவில் இருப்பதாகத் தெரியாது. இங்கெல்லாம் கண் சொல்வதே தீர்ப்பு. `Alt` விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தாலோ, `Ctrl` விசையோடு அம்புக்குறிகளை அழுத்தினாலோ கோட்டில் ஒட்டாமல் சிறுகச் சிறுக நகர்த்தலாம்.

வரைபடங்கள் இன்னும் பிடிகொடுக்காதவை. இரண்டு பட்டை வரைபடங்களை 15 செ.மீ. அகலத்தில் அருகருகே கோட்டில் நிறுத்தியிருப்போம். ஆனால் ஒன்றின் செங்குத்து அச்சில் இரண்டு இலக்க எண்கள், மற்றொன்றில் ஆறு இலக்க எண்கள். அச்செண்களுக்கு இடம் விட்டு வரைபடத்தின் உட்பகுதி தானே சுருங்கிக்கொள்வதால், வெளிச்சட்டங்கள் ஒத்துப்போனாலும் பட்டைகள் ஒத்துப்போகா. உட்பகுதியைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்து அதன் விளிம்புகளைக் கையால் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய எண்களை லட்சத்தில் காட்டி இலக்கங்களைக் குறைத்துவிட்டால் இந்த வேலையே பாதியாகிவிடும்.

கிரிட்டை மீறவே கூடாதா என்றால், தாராளமாக மீறலாம். ஒரு புகைப்படம் ஓரத்தைத் தாண்டி ஸ்லைடின் விளிம்பு வரை போகட்டும். ஆனால் விளிம்பு வரை முழுதாகப் போக வேண்டும், விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் நிற்கக் கூடாது. முழுப்பக்கப் படத்தின் மேல் ஒற்றை வரி மட்டும் உள்ள ஸ்லைடுக்கு 12 பத்திகள் தேவையே இல்லை, அந்த வரி தலைப்பின் இட விளிம்பில் தொடங்கினால் போதும்.

இத்தனையும் செய்து முடித்த தொகுப்பு குலையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பலர் ஆளுக்குக் கொஞ்சமாக அனுப்பும் ஸ்லைடுகளை ஒருவர் சேர்ப்பது. ஒட்டும்போது `Keep Source Formatting` என்பதைத் தேர்ந்தெடுத்தால், வரும் ஸ்லைடு தன் வார்ப்புருவையும் கூடவே கொண்டுவந்துவிடும். நம் கோடுகள் அந்த ஸ்லைடில் தெரியாது, தலைப்பு பழையபடி 2.33இல் போய் நிற்கும். `Use Destination Theme` என்று ஒட்டிவிட்டு `Reset` அழுத்தினால் தலைப்பும் வார்ப்புருப் பெட்டிகளும் நம் கோட்டுக்கு வரும். தனியாக வரைந்த பெட்டிகள் அப்போதும் வரமாட்டா, அவற்றைத் துண்டுத்தாள் அளவுகளை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியதுதான். கடைசியில் ஒருமுறை `Slide Master` பார்வையைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட வார்ப்புருக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், சேர்த்த ஸ்லைடுகளில் ஏதோ ஒன்று இன்னும் தன் ஊர்ச் சட்டப்படியே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.